10 மில்லிநொடிக்கு ஒரு வாளி: மின்தேக்கி எப்படி வேலை செய்கிறது?

மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு சிறிய வாளி. இதில் "சிறிய" என்ற சொல்லைத்தான் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்கும் 9 வோல்ட் சதுர பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1800 கூலூம் மின்னூட்டம் எடுக்கலாம். 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை அதே 9 வோல்ட்டுக்கு நிரப்பினால் அதில் இருப்பது 0.009 கூலூம்தான். இரண்டு லட்சம் மின்தேக்கிகளை அடுக்கினால்தான் ஒரு பேட்டரிக்கு ஈடாகும். ஆகவே இதைப் பேட்டரிக்கு மாற்றாக நினைக்கத் தேவையில்லை. கண நேரத்தில் நிரம்பும், கண நேரத்தில் கொடுக்கும், மறுபடி நிரம்பும். லட்சக்கணக்கான முறை இதையே செய்தாலும் சளைக்காது. அதுதான் அதன் வேலை.

இதைக் கண்ணால் பார்ப்பது எளிது. 1000 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான கால் நேர்முனை. உறையின் மீது பட்டையாகக் கோடு போட்டிருக்கும் பக்கம் எதிர்முனை. ஒரு சிவப்பு எல்.இ.டி.யையும் 1 கிலோ ஓம் மின்தடையையும் தொடராக இணைத்து, எல்.இ.டி.யின் நீளமான கால் நேர்முனைப் பக்கம் இருக்கும்படி அந்தத் தொடரை மின்தேக்கியின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே பொருத்துங்கள். இனி 9 வோல்ட் பேட்டரியை, முனை மாறாமல், மின்தேக்கியின் கால்களில் ஒரு கணம் தொட்டுவிட்டு எடுங்கள். பேட்டரியை எடுத்த பிறகும் எல்.இ.டி. எரியும். முதல் நொடியில் பளிச்சென்று, அடுத்த நொடியில் பாதிக்கும் குறைவாக, பிறகு மெல்ல மெல்ல மங்கி, ஐந்தாறு நொடிகளில் இருட்டிவிடும். 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கியை மாட்டிப் பார்த்தால் அதே மங்கல் அரை நொடியில் முடிந்துவிடும்.

இந்தச் சோதனையிலேயே வாளியின் எல்லா அளவுகளும் இருக்கின்றன. உள்ளே இருக்கும் தண்ணீர்தான் மின்னூட்டம். தண்ணீர் நிற்கும் உயரம் மின்னழுத்தம். வாளியின் அடிப்பரப்பு, அதாவது அது எவ்வளவு அகலமானது என்பது, மின்தேக்குதிறன். அதைத்தான் ஃபாரட் என்ற அலகில் சொல்கிறோம். அகலமான வாளியில் நிறையத் தண்ணீர் ஊற்றினாலும் மட்டம் கொஞ்சமாகத்தான் ஏறும். குறுகிய வாளியில் ஒரு குவளை ஊற்றினாலே மட்டம் விறுவிறுவென்று உயரும். கணக்காக எழுதினால் இவ்வளவுதான்:

Q = C × V

Q என்பது கூலூமில் மின்னூட்டம், C என்பது ஃபாரடில் மின்தேக்குதிறன், V என்பது வோல்ட்டில் மின்னழுத்தம். 1 கிலோ ஓம் மின்தடை என்பது வாளியின் அடியில் வைத்த குழாய். மட்டம் உயரமாக இருக்கும்போது தண்ணீர் வேகமாகப் பாயும். மட்டம் தாழத் தாழப் பாய்ச்சலும் தளரும். எல்.இ.டி. சட்டென்று அணையாமல் படிப்படியாக மங்கியதற்கு அதுவே காரணம். மங்கி முடிந்த பிறகு மின்தேக்கியின் கால்களில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். மட்டம் சுழியமாக இருக்காது. ஒன்றரை வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். அந்த அழுத்தத்துக்குக் கீழே எல்.இ.டி. மின்னோட்டத்தைக் கடத்துவதில்லை. குழாயை வாளியின் அடியில் வைக்காமல் கொஞ்சம் மேலே வைத்தால் அடித்தண்ணீர் எப்படித் தங்குமோ, அப்படி.

உறையின் மீது அச்சிட்டிருக்கும் "16 வோல்ட்", "25 வோல்ட்" என்பவை வாளியின் விளிம்பு உயரம். புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். 25 வோல்ட் என்று போட்டிருப்பதால் மின்தேக்கி 25 வோல்ட் தந்துவிடாது. நீங்கள் எவ்வளவு உயரத்துக்கு நிரப்பினீர்களோ அவ்வளவுதான் திரும்பத் தரும். 25 என்பது தாண்டக் கூடாத உயரம் மட்டுமே.

வாளி உவமை எங்கே நின்றுவிடுகிறது?

மின்சாரத்தை ஒரு திரவமாகக் கருதி, கண்ணாடிப் பாத்திரத்தில் உண்மையாகவே தண்ணீர் ஊற்றி, அதில் அதைத் தேக்க முயன்றவர்கள் இருந்தார்கள். 1745-ல் ஜெர்மனியில் ஃபான் கிளைஸ்ட் என்பவரும், அதற்கடுத்த சில மாதங்களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் மஸ்ஸன்புரூக்கும் அப்படித்தான் முதல் மின்தேக்கியைக் கண்டார்கள். நல்ல அதிர்ச்சியும் வாங்கினார்கள். லைடன் ஜாடி என்ற பெயர் அங்கிருந்து வந்தது. பிறகு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதை ஆராய்ந்து, ஒரு பக்கத்தில் எவ்வளவு மின்னூட்டம் சேர்கிறதோ அதே அளவு மறுபக்கத்திலிருந்து வெளியேறுகிறது என்று கண்டார். வாளி நமக்குச் சொல்லாத விஷயம் இது. மின்தேக்கிக்குள் இரண்டு உலோகத் தகடுகளும் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு மெல்லிய அடுக்கும் இருக்கின்றன. ஒரு தகட்டில் மிகுதி, மறுதகட்டில் அதே அளவு குறை. மொத்தத்தில் கூட்டிப் பார்த்தால் மின்னூட்டம் சுழியம். நாம் "சேமித்தது" என்று சொல்வது அந்த இரு தகடுகளுக்கு இடையிலான வேறுபாட்டைத்தான்.

இன்னொரு இடத்திலும் உவமை பொருந்தாது. வாளி நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகும், வாளிக்கு ஒன்றும் ஆகாது. மின்தேக்கியில் விளிம்பைத் தாண்டினால் நடுவிலுள்ள அடுக்கு துளைபட்டுவிடும். எலக்ட்ரோலைட்டிக் வகையில் அந்த அடுக்கு அலுமினியத் தகட்டின் மீது வளர்த்த மிக மெல்லிய ஆக்சைடு படலம். முனைகளை மாற்றி இணைத்தால் அந்தப் படலம் சிதையும், உள்ளே வாயு உண்டாகும், தலைப்பகுதி வெடித்துத் திறக்கும். பெரிய மின்தேக்கிகளின் தலையில் சிலுவைபோலக் கீறி வைத்திருப்பது அந்த வாயு வெளியேற வழிவிடத்தான். முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது அந்தத் தலைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

இந்த இரண்டைத் தவிர, ஒரு மின்வழங்கியை வடிவமைக்க வாளியே போதும். அதைக் கொண்டே ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

12 வோல்ட் ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு பெரிய வாளி?

உங்களிடம் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கிறது. அதற்கு அரை ஆம்பியர் வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், இருபுறமும் மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தை ஒரே திசைக்குத் திருப்ப நான்கு 1N4007 டயோடுகள் கொண்ட பிரிட்ஜ், அதன் பிறகு மின்தேக்கி, கடைசியில் ஏறி இறங்கும் மட்டத்தை நிலையான 12 வோல்ட்டாக்கும் 7812 ரெகுலேட்டர். இணையத்தில் கிடைக்கும் படங்களில் மின்தேக்கியின் இடத்தில் 1000 என்றும் 2200 என்றும் விதவிதமாகப் போட்டிருப்பார்கள், ஏன் என்று சொல்லமாட்டார்கள்.

டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட் என்பது ஒருவகைச் சராசரி அளவு. அலையின் உச்சி அதைவிட 1.414 மடங்கு உயரம், அதாவது 17 வோல்ட். எந்த நேரத்திலும் பிரிட்ஜில் இரண்டு டயோடுகள் வழியாக மின்னோட்டம் போவதால் 1.4 வோல்ட் அங்கே கழிந்து, வாளியில் 15.6 வோல்ட் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். 50 ஹெர்ட்ஸ் அலையின் இரண்டு பாதிகளையும் பிரிட்ஜ் பயன்படுத்துவதால் நொடிக்கு 100 உச்சிகள். ஓர் உச்சிக்கும் அடுத்த உச்சிக்கும் இடையே 10 மில்லிநொடி. அந்த இடைவெளியில் டிரான்ஸ்ஃபார்மர் எதையும் தருவதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையருக்கு வேண்டியதை வாளி மட்டுமே கொடுக்க வேண்டும். உண்மையில் அடுத்த உச்சிக்குச் சற்று முன்பே நிரப்புதல் தொடங்கிவிடும். ஆனாலும் 10 என்றே கணக்கிடுவது பாதுகாப்பானது.

அரை ஆம்பியர் என்றால் நொடிக்கு அரை கூலூம். 10 மில்லிநொடியில் வெளியேறுவது 0.005 கூலூம். இதை வாளியின் அகலத்தால் வகுத்தால் மட்டம் எவ்வளவு தாழும் என்பது கிடைத்துவிடும். 1000 மைக்ரோஃபாரடில் 5 வோல்ட் தாழும். 2200-ல் ஏறக்குறைய 2.3 வோல்ட். 4700-ல் 1.1 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு.

இனி மறுமுனையிலிருந்து பாருங்கள். 7812 சரியாக 12 வோல்ட் தர, அதன் நுழைவாயிலில் எப்போதும் குறைந்தது 14 வோல்ட்டாவது இருக்க வேண்டும். "எப்போதும்" என்றால் ஒவ்வொரு 10 மில்லிநொடியின் கடைசிக் கணத்திலும். 15.6-லிருந்து 5 கழித்தால் 10.6. ஆகவே 1000 மைக்ரோஃபாரட் வாளியோடு இந்த மின்வழங்கி நொடிக்கு நூறு முறை தடுமாறும். ஒலிபெருக்கியில் "உம்ம்" என்ற இரைச்சலாக அது கேட்கும். 2200 போட்டால் 13.3, அதுவும் போதாது. 4700 போட்டால் 14.5, தப்பித்தோம்.

தப்பித்தோமா? மாலையில் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் மின்னழுத்தம் 200 வோல்ட்டுக்கு இறங்கினால் உச்சியே 15.6-லிருந்து 13.4-க்கு வந்துவிடும். அப்போது 10,000 மைக்ரோஃபாரட் போட்டாலும் பயனில்லை. வாளியை எவ்வளவு அகலமாக்கினாலும் மட்டம் தாழ்வதைக் குறைக்கலாம்; ஊற்றுகிற உயரத்துக்கு மேலே ஏற்ற முடியாது. 12 வோல்ட் ரெகுலேட்டருக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டு, இரைச்சல் போகவில்லை என்று மின்தேக்கிக்கு மேல் மின்தேக்கியாக அடுக்குவது வீண் செலவு. என் பரிந்துரை 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர்.

அதில் உச்சி 21.2, டயோடுகள் போக 19.8. 2200 மைக்ரோஃபாரட் போட்டால் பள்ளம், அதாவது மட்டம் தாழும் கடைசி எல்லை, 17.5 வோல்ட்டில் நிற்கும். மின்னழுத்தம் 200-க்கு இறங்கினாலும் பள்ளம் 14.8, ரெகுலேட்டருக்கு அது போதும். இதற்கு ஒரு விலை உண்டு. கூடுதலான ஆறேழு வோல்ட்டை ரெகுலேட்டர் வெப்பமாக மாற்றும். அரை ஆம்பியரில் அது மூன்று வாட்டுக்கு மேல். ஆகவே வெப்பத்தகடு கட்டாயம். அந்தத் தகட்டை ஒட்டி மின்தேக்கியை வைக்காதீர்கள். காரணம் பின்னால் வருகிறது.

விளிம்பு உயரத்தையும் இங்கேயே முடிவு செய்துவிடலாம். 19.8 வோல்ட்தானே, 25 வோல்ட் மின்தேக்கி போதும் என்று தோன்றும். ஆனால் சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சுமை இல்லாதபோது எழுதியிருப்பதைவிட அதிகமாகத் தரும், சிலவற்றில் ஐந்தில் ஒரு பங்கு வரைகூட. அந்த நேரத்தில் வீட்டு மின்சாரமும் 250-ஐத் தொட்டால் மட்டம் 25-ஐத் தாண்டிவிடும். ஆம்ப்ளிஃபையரை மாட்டாமல் மின்வழங்கியை மட்டும் சோதித்துப் பார்க்கும் வேளையில் இது நிகழும். ஆகவே 35 வோல்ட். கடையில் "2200, 35 வோல்ட் கண்டென்சர்" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். 105 டிகிரி என்று அச்சிட்டதாக இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

2200-க்குப் பதில் 10,000 போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்கலாம். 10 மில்லிநொடியில் வெளியேறிய தண்ணீர் முழுவதையும் உச்சியை ஒட்டிய ஒரு குறுகிய நேரத்தில் திரும்ப ஊற்ற வேண்டும். நிரப்பக் கிடைப்பது 2 மில்லிநொடி என்றால், சராசரியாக அரை ஆம்பியர் கேட்கும் கருவிக்கு டயோடுகள் வழியாகப் பாய்வது 2.5 ஆம்பியர் துடிப்புகள். வாளி அகலமாக ஆக மட்டம் குறைவாகவே தாழும். நிரப்பும் நேரம் இன்னும் குறுகும். துடிப்பு இன்னும் உயரும். அந்தத் துடிப்புகள் டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கும். அரை ஆம்பியர் நேர்மின்னோட்டத்துக்கு ஒரு ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதும் இதனால்தான். 2200-ம் 3300-ம் இந்த வேலைக்கு நியாயமான அளவுகள். அதற்கு மேல் போவதில் எனக்கு விருப்பமில்லை.

ரெகுலேட்டரின் கால்களுக்கு மிக அருகே, நுழைவாயிலில் 0.33, வெளிவாயிலில் 0.1 மைக்ரோஃபாரட் என்று சின்னஞ்சிறு மின்தேக்கிகளையும் வைப்பது வழக்கம். மின்னோட்டத் தேவை சட்டென்று மாறும்போது பெரிய வாளியும் அதற்குப் போகும் நீண்ட கம்பியும் உடனே ஈடுகொடுக்காது. பக்கத்திலேயே இருக்கும் சின்ன வாளி அந்த நொடிப்பொழுதைப் பார்த்துக்கொள்ளும்.

வாளி சுருங்கும்போது

எலக்ட்ரோலைட்டிக் மின்தேக்கிக்குள் ஈரமான ஒரு திரவம் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது உலரும். வெப்பத்தில் இன்னும் வேகமாக உலரும். வேலை செய்யும் வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது துறையில் எல்லோரும் பின்பற்றும் கணிப்பு. 85 டிகிரிக்குப் பதில் 105 டிகிரி மின்தேக்கி வாங்கச் சொன்னதும், வெப்பத்தகட்டிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னதும் இதற்காகத்தான்.

உலர்ந்த மின்தேக்கியின் தலை சில சமயம் உப்பியிருக்கும், அடியில் பழுப்பாகக் கசிந்திருக்கும். அப்படி இருந்தால் கண்டுபிடிப்பதில் சிரமம் இல்லை. வெளியே பளபளப்பாக இருந்துகொண்டு உள்ளே சுருங்கிப்போனதுதான் ஆளைச் சுற்றவிடும். நம்முடைய 2200 மைக்ரோஃபாரட், சில ஆண்டுகளில் 800-ஆகச் சுருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதே 0.005 கூலூம் வெளியேறும்போது இப்போது மட்டம் 6.2 வோல்ட் தாழும். பள்ளம் 13.6-க்கு வந்து, 14 என்ற கோட்டுக்குக் கீழே போய்விட்டது. ஒலியைக் கூட்டும்போது மட்டும், அதாவது மின்னோட்டம் கூடும்போது மட்டும், "உம்ம்" என்று கேட்கத் தொடங்கும். ஒலியைக் குறைத்தால் மறையும்.

மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வைத்து மின்தேக்கியின் குறுக்கே பார்த்தால் 16, 17 வோல்ட் காட்டும். ரெகுலேட்டரின் வெளிவாயிலில் ஏறக்குறைய 12. எல்லாம் நலம் என்றே தோன்றும். மீட்டர் காட்டுவது சராசரியை. நொடிக்கு நூறு முறை வந்துபோகும் பள்ளத்தை அது காட்டுவதில்லை. மாறுமின்னழுத்த அளவுக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நல்ல மின்தேக்கியில் 0.6, 0.7 வோல்ட் போலவும், சுருங்கியதில் 1.8 வோல்ட் போலவும் வரும். மலிவான மீட்டர்கள் சில, மாறுமின்னழுத்த அளவில் நேர்மின்னழுத்தத்தையும் சேர்த்துக்கொண்டு 30, 40 என்று பொருளில்லாத எண்ணைக் காட்டும். அப்படிக் காட்டினால் மீட்டரின் ஒரு முனையோடு 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் மின்தேக்கி ஒன்றைத் தொடராகச் சேர்த்து அளந்து பாருங்கள். அது நிலையான மட்டத்தைத் தடுத்து, ஏற்ற இறக்கத்தை மட்டும் உள்ளே விடும்.

மீட்டரே வேண்டாம் என்றால் இன்னொரு வழி. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்லதென்று தெரிந்த இன்னொரு 2200 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் மின்தேக்கியைப் பழையதன் குறுக்கே, முனை பார்த்து, தற்காலிகமாகப் பற்றவைத்து மறுபடி ஓட்டிப் பாருங்கள். இரண்டு வாளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடியில் இணைத்தால் அகலம் கூடுவதுபோல் மின்தேக்குதிறன் கூடிவிடும். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி பழைய மின்தேக்கிதான். அதைக் கழற்றிப் புதியதைப் போடுங்கள். போகவில்லையென்றால் வேறிடத்தில் தேட வேண்டும். காது பழகியவர்கள் சுருதியைக் கொண்டே ஓரளவு சொல்லிவிடுவார்கள்: மின்தேக்கிப் பழுதின் இரைச்சல் 100 ஹெர்ட்ஸ். அதைவிடக் கட்டையாக 50 ஹெர்ட்ஸில் கேட்டால், பிரிட்ஜில் ஒரு டயோடு திறந்துபோயிருக்கலாம், அல்லது உள்ளீட்டுக் கம்பி வீட்டு மின்சாரத்தின் அலையைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

பழையதைக் கழற்றும் முன் வாளியைக் காலி செய்ய வேண்டும். நம்முடைய 20 வோல்ட் மின்வழங்கியில் 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைச் சுமார் 10 நொடி குறுக்கே வைத்திருந்தால் போதும். இதே பழக்கத்தில் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையோ டி.வி. மின்வழங்கியையோ திறந்துவிடாதீர்கள். அங்கே 230 வோல்ட் நேரடியாகப் பிரிட்ஜுக்குள் போவதால் மின்தேக்கியில் நிற்கும் மட்டம் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது நெடுநேரம் அப்படியே நிற்கக்கூடும். சேமித்த ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது. நம்முடைய 2200 மைக்ரோஃபாரட் 20 வோல்ட்டில் வைத்திருப்பது அரை ஜூலுக்கும் குறைவு. அங்கே 100 மைக்ரோஃபாரடே 5 ஜூலைத் தாண்டும், அதுவும் உடலுக்குள் எளிதாகப் பாயும் அழுத்தத்தில். திருப்புளியால் இரண்டு கால்களையும் தொட்டுப் பொறி பறக்கக் காலி செய்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது மின்தேக்கிக்கும் கெடுதல், கண்ணுக்கும் ஆபத்து. 10 கிலோ ஓம், 5 வாட் மின்தடையை உறையிட்ட கம்பிகளோடு பற்றவைத்து, அதைக் குறுக்கே பிடித்து 10 நொடி காத்திருங்கள். பிறகு மீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வைத்து, 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பார்த்த பின்னரே விரலைக் கொண்டுபோங்கள்.